பத்தாயிரம் பையும் ஒன்பது இலக்க போன் எண்ணும்

கேள்வி: கோரமண்டலில் நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம். இதுவரை வெள்ளைக் கவரில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுத்தோம். இந்த வருஷம் துணிந்து 200 கிராம் சாம்பார் பொடிக்குப் பத்தாயிரம் பை அச்சடித்தோம். டிசைன் செய்த தம்பி தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டார். எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம். பை வந்த பிறகு பார்த்தால் போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது. கன்னட எழுத்து ஒரு இடத்தில் உடைந்து கிடக்கிறது. முன்பக்கம் இருக்கும் சுரங்கக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மைன்ஸில் முப்பது வருஷம் இறங்கிய என் மாமனார், "இது நம்ம ஊர் ஷாஃப்ட் இல்லம்மா" என்றார். போன் எண் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறோம். அடுத்து ரசப்பொடியும் மிளகாய்த்தூளும் வரப்போகின்றன. இனி எதையும் வெளியே விடுமுன் யார், எப்போது, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை சொல்லிக் கொடுங்கள் ஐயா.
(வாசகி, கோரமண்டல், கே.ஜி.எஃப்.)

பதில்: முதலில் அந்த ஸ்டிக்கர். வாடிக்கையாளர் புகார் சொல்லக்கூடிய தொலைபேசி எண், பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் (2011) கட்டாயம் என்று சொல்லும் விவரங்களில் ஒன்று. அப்படிப்பட்ட விவரத்தைத் தனி ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தக் கூடாது என்று அதே விதிகளே சொல்கின்றன. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம்; அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. ஆகவே மீதிப் பைகளை என்ன செய்வது என்று உங்கள் மாவட்ட எடையளவு ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். நீங்களாகப் போய்க் கேட்பது, அவர் கடையில் வந்து எடுத்துக் காட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இனி, பத்துப் பேர் பார்த்தும் ஒன்பது இலக்கம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? உங்கள் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை என்பதுதான் காரணம். "எப்படி இருக்கு?" என்று குழுவில் போட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். நான் அச்சகத்தில் இருந்த நாளில் ஒரு கடைக்குக் காலண்டர் போட்டோம். ஏழு பேர் பார்த்தோம். ஏப்ரலுக்கு 31 நாள். ஏழு பேரும் முருகன் படத்தின் நிறம் சரியா என்றே பார்த்திருக்கிறோம்; தேதியைப் பார்ப்பது யார் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. அன்றைய நாளிதழ்களில் தமிழக அமைச்சர் அனிதா ராதாகிருஷ்ணன் பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் நின்ற ராக்கெட்டின் உச்சியில் சீனக் கொடி. வடிவமைத்தவர்களிடம் நேர்ந்த தவறு என்று அமைச்சர் பிறகு விளக்கம் சொன்னார். அந்த விளம்பரத்தில் தலைவர்களின் படங்கள் உரிய இடத்தில், உரிய அளவில் இருக்கின்றனவா என்பதை நிச்சயம் யாராவது பார்த்திருப்பார்கள். ராக்கெட் யாருடையது என்று கேட்பது மட்டும் யார் பொறுப்பிலும் இல்லாமல் போயிருக்கும். உங்கள் பையில் இருக்கும் சுரங்கக் கோபுரமும் அந்த ராக்கெட்டும் ஒரே ஜாதி: இணையத்தில் தேடி, முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டியது. சக்கரக் கோபுரம் தென்னாப்பிரிக்காவிலும் உண்டு, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்த மனிதருக்கு ஒரு விநாடியில் தெரியும். உங்கள் மாமனார் வீட்டிலேயேதான் இருந்தார். பை அச்சான பிறகுதான் அவரிடம் காட்டியிருக்கிறீர்கள்.

ஆகவே முறையின் முதல் படி டிசைனுக்கு முன்னாலேயே வருகிறது. பையில் வரப்போகும் ஒவ்வொரு சொல்லையும் எண்ணையும் கணினியில் தட்டச்சு செய்து ஒரு தாளில் எடுங்கள். இடப்பக்கம் வாசகம், வலப்பக்கம் 'இதற்கு ஆதாரம் எது' என்று ஒரு கட்டம். உரிம எண்ணுக்கு எதிரே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழின் நகல், அதில் உள்ள 14 இலக்கமும் ஒவ்வொன்றாக ஒத்துப்போக வேண்டும். போன் எண்ணுக்கு எதிரே, அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசிய ஆளின் கையெழுத்து. படத்துக்கு எதிரே யார், எங்கே எடுத்தது, பயன்படுத்த அனுமதி உண்டா என்ற குறிப்பு. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரி பைக்குப் போகக் கூடாது. இந்தத் தாள் முடிந்து கையெழுத்தான பிறகுதான் தம்பியிடம் போக வேண்டும். அவரும் அதைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்யக் கூடாது. கணினியில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும். பத்து இலக்கம் ஒன்பதாவது பெரும்பாலும் அந்தத் திரும்பத் தட்டும் இடத்தில்தான்.

நீங்கள் அனுப்பிய பையின் படத்தை வைத்தே இந்தத் தாளை நிரப்பிப் பார்க்கலாம். முன்பக்கம் "சுத்தமான, 100% இயற்கை" என்று இருக்கிறது. ஆதாரம்? மனசு சுத்தம் என்பது ஆதாரம் ஆகாது. உணவு விளம்பரங்களும் உரிமைகோரல்களும் பற்றிய 2018 ஒழுங்குமுறையின்படி 'சுத்தமான' என்ற சொல், வேறு எதுவும் சேராத ஒற்றைப் பொருளுக்கு. பல பொருள் கலந்ததை மொத்தமாக 'இயற்கை' என்றும் சொல்ல முடியாது. சாம்பார் பொடியோ மல்லி, மிளகாய், துவரை, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம் என்று கூட்டாகத்தான் பிறக்கிறது. உங்கள் பொடியின் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. சொல்தான் அதற்குப் பொருந்தவில்லை. '100%' என்ற எண்ணும் அப்படியே. 2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., பழச்சாறு நிறுவனங்களை '100% பழச்சாறு' என்ற வாசகத்தை எடுத்துவிடச் சொன்னது.

சேர்மான வரிசையில் கடைசியில் இருக்கும் பெருங்காயத்துக்கு வாருங்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் மைதா கலந்திருக்கும். மைதா என்றால் கோதுமை. ஒவ்வாமை தரும் பொருளாகத் தனியே குறிப்பிட வேண்டிய பட்டியலில் கோதுமை இருக்கிறது. ஆகவே உங்கள் சாம்பார் பொடியில் 'கோதுமை உண்டு' என்ற வரி வர வேண்டியிருக்கலாம். இதை டிசைனர் கண்டுபிடிக்க மாட்டார், கணக்கு எழுதுகிறவரும் கண்டுபிடிக்க மாட்டார். பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்து அளந்து போடுகிற பெண்ணுக்குத்தான் தெரியும்.

எனவே பத்துப் பேரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். மூன்று பேர் போதும். ஆளுக்கு ஒரு பங்கு. அரைக்கிற பெண்ணுக்குச் சேர்மானப் பட்டியல்: எடையில் அதிகமானது முதலில் வருகிறதா, ஒன்றும் விடுபடவில்லையா, உபயோகிக்கும் முறை சொன்னபடி செய்தால் சாம்பார் வருமா. இரண்டாமவர் கணக்கும் சட்டமும் பார்ப்பவர்: உரிம எண், முழு முகவரி, நிகர எடை, பச்சைக் குறி, தேதி, விலை. மூன்றாமவர் மொழிக்கு.

மொழி உங்கள் ஊரில் தனிக் கதை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. கர்நாடகத்தில் தயாராகி இங்கேயே விற்கும் பொருளின் பெயரும் உபயோகிக்கும் முறையும் கன்னடத்திலும் வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். உங்கள் வாடிக்கையாளருக்காகத் தமிழையும் சேர்த்திருக்கிறீர்கள். மூன்று மொழியையும் நீங்கள் பேசுவீர்கள். ஆனால் பேசுகிறவர் வேறு, எழுத்துப் பிழை பிடிக்கிறவர் வேறு. கன்னட மீடியத்தில் படித்த பிள்ளை ஒன்று லைனில் கட்டாயம் இருக்கும், அவரைப் பிடியுங்கள். உங்கள் பையில் உடைந்தது 'கொத்தம்பரி' என்ற சொல். அதில் இரண்டாவது த, முதல் த-வின் காலடியில் சின்ன ஒத்தாக உட்கார வேண்டும். உங்கள் பையில் அது பக்கத்தில் தனியாக நிற்கிறது. டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினாலும், பழைய நுடி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடு என்று நினைத்து மாற்றினாலும் இப்படி ஆகும். தமிழிலும் இது வரும். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். ஆகவே மொழி பார்க்கிறவர் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தால் போதாது, அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். டிசைனர் எழுத்துகளையெல்லாம் கோட்டுருவமாக மாற்றி முடித்த கடைசி கோப்பைப் படிக்க வேண்டும். உடைவது அந்தக் கட்டத்தில்தான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். `Final`, `Final_new`, `Final_new_OK` என்று போனால் அச்சகத்தார் கையில் எது கிடைக்குமோ அதுவே பை. `RASAM200_v01.pdf` என்று ஆரம்பித்து, ஒரு புள்ளி மாறினாலும் எண்ணை ஏற்றுங்கள். அந்த எண்ணைப் பையின் ஓரத்தில், வெட்டிப் போகும் இடத்தில் சிறியதாக அச்சிடச் சொல்லுங்கள். வாட்ஸாப் படம் சுருங்கித்தான் வரும், அதில் சின்ன எழுத்து படிக்க முடியாது. கோப்பை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேரும் தங்கள் திருத்தத்தை ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டும். அவர் சேர்த்து, தம்பியிடம் ஒரே தடவையாகச் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க தம்பி" என்றால், சிவப்பு குறையும். போகிற போக்கில் வேறு ஒன்று நகர்ந்திருக்கும். கெடு நாள் வையுங்கள். கெடு கடந்தும் பதில் சொல்லாதவர் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று கையெழுத்தும் விழாமல் கோப்பு நகரக் கூடாது.

கடைசிக் கையெழுத்து ஒருவருடையது மட்டுமே. அவர் வாசகத்தை எழுதினவராக இருக்கக் கூடாது. எழுதினவர் கண்ணுக்கு, தான் எழுத நினைத்ததுதான் தெரியும். கையெழுத்தும் 'டிசைன் ஓகே' என்று வேண்டாம். '`RASAM200_v04.pdf` அச்சுக்குப் போகலாம்' என்று எண் சொல்லி, தேதி போட்டு இருக்கட்டும். அதற்கப்புறம் யார் என்ன மாற்றினாலும், விலையில் ஒரு ரூபாயே ஆனாலும், அது v05. அந்தப் பங்கைப் பார்த்தவர் மறுபடி கையெழுத்திட வேண்டும்.

அவர் கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டிய ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. செலவு இருபது ரூபாய். கோப்பை நூறு சதவீத அளவில் காகிதத்தில் அச்செடுத்து, வெட்டி, மடித்து, பொடி நிரப்பிய, அச்சில்லாத ஒரு பையின் மேல் ஒட்டுங்கள். திரையில் தெரியாதது எல்லாம் இப்போது தெரியும். சூடு வைத்து ஒட்டும் அடிப்பட்டைக்குள் முகவரியின் கடைசி வரி போய்விட்டதா, பொடி நிறைந்து பை உப்பும்போது பார்கோடு வளைகிறதா, அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரிகிறதா. எடையின் எழுத்து உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, விதியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பார்கோட்டைப் பக்கத்துக் கடை மெஷினில் காட்டிப் பாருங்கள். மிளகாய்த்தூள் பையில் அழகுக்காகப் பார்கோட்டைச் சிவப்பில் போடுவார்கள். ஸ்கேனரின் ஒளியும் சிவப்பு, ஆகவே கோடே அதற்குத் தெரியாது. போன் எண்ணைப் பையைப் பார்த்தே அழுத்துங்கள். உங்கள் வீட்டுப் போன் அடிக்க வேண்டும்.

பிறகு அச்சகம். பத்தாயிரம், இருபதாயிரம் என்று பிளாஸ்டிக் பை அடிப்பது பெரும்பாலும் சிலிண்டரில்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்டுவார்கள். வெட்டியதைத் திருத்த முடியாது, புதிதாகச் செய்ய வேண்டும். ஆகவே எல்லாச் சின்ன எழுத்துகளையும் கறுப்பு ஒன்றிலேயே வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு முகவரி மாறினால் ஆறு சிலிண்டருக்குப் பதில் ஒன்று போதும். விலை, தேதி, பேட்ச் எண்ணுக்கு வெள்ளைக் கட்டம் ஒன்று விட்டு, பொடி நிரப்பும்போது முத்திரையாகப் போட்டுக்கொள்ளுங்கள். உச்ச விலையோடு ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் இப்போது வேண்டும். 200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 45 காசு. 95 ஆக்கினால் 47.5 காசு. விலையை மாற்றிவிட்டு இதை மறப்பது சர்வ சாதாரணம், அதனால் இரண்டும் ஒரே முத்திரையில் இருக்கட்டும்.

சிலிண்டர் வெட்டுமுன் அச்சகத்தார் தங்கள் கணினியில் கோப்பைப் பிரித்து அடுக்கி ஒரு மாதிரி அனுப்புவார்கள். பலர் இதைத் தாங்கள் கொடுத்ததுதானே என்று திறக்காமலே 'சரி' போடுவார்கள். எழுத்துகள் இங்கேயும் நகரும். கையெழுத்தான v04-ஐப் பக்கத்தில் வைத்து ஒருவர் படிக்க, மற்றவர் மாதிரியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எண்களை வலமிருந்து இடமாகப் படியுங்கள், அப்போதுதான் பழக்கம் ஏமாற்றாது. பை வந்திறங்கியதும் முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டு, தாள்களோடு சேர்த்துப் பைலில் வையுங்கள். அடுத்த தடவை அச்சகம் நிறம் மாற்றிக் கொடுத்தால் சண்டைபோட அது வேண்டும்.

கேள்விப் பட்டியலை ஒரு பக்கத்துக்கு மேல் போக விடாதீர்கள். நாற்பது கேள்வி இருந்தால் எல்லாவற்றிலும் கண்ணை மூடி டிக் அடிப்பார்கள். சட்டம் கேட்பவை போக மீதியை உங்கள் தவறுகளே எழுதிக் கொடுக்கட்டும். உங்களுக்கு இப்போதே மூன்று கிடைத்துவிட்டன: எண்ணை அழைத்துப் பார்த்தாயா, கன்னடத்தைக் கடைசிக் கோப்பில் படித்தாயா, படம் எங்கே எடுத்தது.

கேள்வி: ராபர்ட்சன்பேட்டையில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். பண்டிகை வாழ்த்து, 'இன்று புதிய பப்ஸ்' என்று வாரத்துக்கு மூன்று படம் வாட்ஸாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறோம். இதற்கெல்லாம் கையெழுத்து, தாள் என்று போனால் பப்ஸ் ஆறிவிடுமே?
(வாசகர், ராபர்ட்சன்பேட்டை)

பதில்: ஆறிவிடும்தான். உங்களுக்கு அந்த முறை வேண்டாம். திரும்ப எடுக்க முடியாதது, அதாவது பை, போர்டு, வண்டியில் எழுதுவது, பத்திரிகை விளம்பரம், இவற்றுக்கு முழுச் சுற்று. தினசரிப் படத்துக்கு ஒரு தரம் நிதானமாக ஒரு வார்ப்புரு தயாரித்து, பெயர், முகவரி, போன் எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். மாறுவது பொருளின் பெயரும் விலையும் தேதியும் மட்டும். செய்தவர் அல்லாத இன்னொருவர் அந்த மூன்றையும் பார்த்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. விலையும் கல்லாவில் உள்ள விலையும் ஒன்றுதானா என்பதை விடாதீர்கள்.

ஆனால் புதிதாக ஒரு வாசகம், வேடிக்கை, சினிமா வசனச் சாயல் என்று ஏதாவது சேர்ந்தால் அது தினசரிப் படம் இல்லை. 2022 ஜூனில் லேயர் ஷாட் என்ற வாசனைத் திரவத்தின் விளம்பரத்தில் இருந்த வேடிக்கை, கூட்டு வன்புணர்வை ஞாபகப்படுத்துவதாகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மத்திய அரசே அதை எடுக்கச் சொன்னது. எழுதி, நடித்து, படம் பிடித்து, ஒளிபரப்பும் வரை அது எத்தனை கை மாறியிருக்கும் பாருங்கள். எழுத்துப் பிழை, எண் பிழையைப் பிடிக்கும் பட்டியல் இதைப் பிடிக்காது. அதை எழுதிய அறையிலேயே இருந்தவர்களும் பிடிக்க மாட்டார்கள், அவர்கள் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.

உங்கள் ஊர்ச் சரக்காகவே ஒன்றை வைத்துப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஒரு பையன் உங்களுக்கு 'கே.ஜி.எஃப். தூள்!' என்று தலைப்பு எழுதிக் கொடுக்கிறான் என்று வையுங்கள். அவனுக்குத் தூள் என்றால் பிரமாதம். 2001 பிப்ரவரியில் மூடிய சுரங்கத்தில் பாறைத் தூளை மூச்சாக இழுத்து, நெஞ்சில் சிலிக்கோசிஸோடு கட்டிலில் படுத்திருந்தவர்களின் வீடு உங்கள் கடைக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டிக்குத் தூள் என்றால் வேறு. வாசகத்தை அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவர் சிரிக்கிறாரா, ஒரு நொடி நின்று "எந்தத் தூளுப்பா?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டுவிட்டால் அன்றைக்குப் பழைய வார்ப்புருவிலேயே பப்ஸ் படத்தைப் போடுங்கள்.